மனைவிக்கு வீடு: செட்டில்மென்டா, தானப் பத்திரமா?

நான் இந்தியக் கடவுச்சீட்டில் கொழும்பில் தொழில் செய்கிறேன். சென்னையில் என் பெயரில் உள்ள வீட்டை மனைவிக்கு எழுதிவைக்க வேண்டும். தரகர், "தானப் பத்திரம் போடுங்கள், பவர் தந்தால் நானே முடித்துத் தருகிறேன்" என்கிறார். எது நல்லது? – வாசகர், வெள்ளவத்தை

செட்டில்மென்ட்தான். இரண்டிலும் பணம் வாங்காமலே வீடு கைமாறும். வித்தியாசம் செலவில்தான். அரசு வழிகாட்டி மதிப்பு 50 லட்சம் இந்திய ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்கான செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1%, உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 10,000. ஆக 50,000 ரூபாய். தானமாக எழுதினால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து நான்கரை லட்சம். பத்திரத்தில் "என் மனைவிக்கு, அன்பினாலும் பாசத்தினாலும்" என்று உறவு தெளிவாக இருக்கட்டும். ஒரு ரூபாய் கைமாறியதாக எழுதினாலும் அது கிரயம் என்ற கேள்வி எழும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: மனைவியின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது? இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர், இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வீடு பெற முடியாது. இலவசமாகப் பெற்றாலும் இதே தடைதான். சார்பதிவாளர் இதைக் கேட்காமலே பதிந்துவிடக்கூடும். பிறகு விற்கப் போகும்போது, வாங்குபவரின் வழக்கறிஞர் கண்டுபிடிப்பார். இந்தியத் தொடர்புள்ள வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் இந்தத் தடை இல்லை. இந்தியக் குடிமகனின் மனைவி, திருமணம் பதியப்பட்டு, தொடர்ந்து 2 ஆண்டுகள் நீடித்திருந்தால் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் அட்டை, பிறகு பத்திரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எழுதிய பின் மனம் மாறினால் நீங்கள் மட்டும் கையெழுத்திட்டு ரத்துசெய்ய முடியாது. கடைசிவரை அங்கே குடியிருக்கும் உரிமை வேண்டுமென்றால், ஆயுட்கால அனுபவ உரிமையை அந்தப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

தரகருக்கு பவர் கொடுக்காதீர்கள். அவர்கள் நீட்டும் பொது அதிகாரப் பத்திரத்தில் "விற்க, அடமானம் வைக்க" என்ற வரிகள் பெரும்பாலும் நடுவில் ஒளிந்திருக்கும். tnreginet.gov.in தளத்தில் நேரம் பதிந்து, மூலப் பத்திரத்துடனும் இரண்டு சாட்சிகளுடனும் நேரில் போனால் ஒரே நாளில் முடிகிற வேலை. ஆள் வைத்தால்தான் நடக்கும் என்று மக்களை நம்பவைத்திருப்பது கொடுமை. போகவே முடியாவிட்டால், உடன்பிறந்த ஒருவருக்குச் சிறப்பு பவர் கொடுங்கள்: வீட்டின் கதவிலக்கம், மனைவியின் பெயர், செட்டில்மென்ட் எழுதிப் பதியும் அதிகாரம், இவ்வளவே இருக்கட்டும். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் அதை அத்தாட்சிப்படுத்தி, அந்தப் பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும்.

வீடு வாடகையில் இருந்தால், பெயர் மாறினாலும் வருமான வரிக் கணக்கில் அந்த வாடகை உங்கள் வருமானமாகவே சேரும். பதிவு முடிந்ததும் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றையும் மனைவி பெயருக்கு மாற்றிவிடுங்கள்.