உட்காரும் இடம் மரத்துப்போனால் அடுத்த வாரம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கும் என் கணவருக்கு 42 வயது. ஆறு மாதமாக இடுப்பு வலி இருக்கிறது. மூன்று நாளாக இரண்டு காலிலும் வலி இறங்கியது. நேற்றிலிருந்து வலி குறைந்து, உட்காரும் இடம் மரத்திருக்கிறது. சிறுநீர் முக்கினால்தான் வருகிறது. ஸ்கேனுக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை ஊரில் ஒருவரிடம் தடவிப் பார்க்கலாமா?

பதில்: தடவ வேண்டாம். அடுத்த வாரத் தேதியையும் மறந்துவிடுங்கள். இதைப் படித்ததும் கோயம்புத்தூருக்குப் புறப்படுங்கள்.

தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே முதுகெலும்புக் கால்வாய்க்குள் நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன; இதைக் குதிரைவால் நரம்புக்கற்றை என்கிறோம். கற்றையின் ஓரத்து நரம்புகள் கால்களுக்குச் செல்கின்றன. நடுவில் உள்ள மெல்லிய நரம்புகள் ஆசனவாய், பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பை ஆகியவற்றுக்குச் செல்கின்றன. எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பெரிய துண்டாகப் பிதுங்கினால் மொத்தக் கற்றையும் நசுங்கும். அப்போது சைக்கிள் இருக்கையில் படும் பகுதி முழுவதும் மரத்துப்போவதும், சிறுநீர் தடைபடுவதும் நடு நரம்புகள் சிக்கியதன் அடையாளம். இந்த நிலையில் வலி குறைவதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நரம்பு உணர்விழப்பதாலும் வலி அடங்கும்.

அவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். மலம் கழித்துக் கழுவும்போது தண்ணீரின் குளிர்ச்சியும் விரலின் தொடுகையும் இரு பக்கமும் தெரிகின்றனவா? சிறுநீர் போவதைப் பார்க்காமலும் சத்தம் கேட்காமலும் உணர முடிகிறதா? இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இரண்டும் தெரிகின்றன என்று சொன்னாலும் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். பலர் இதைப் பிடித்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளும் கடுமையான வலி நிவாரணிகளும் சிறுநீரைத் தடுக்கக்கூடியவை. ஆகவே சிறுநீர் தடைபடும் எல்லோருக்கும் நரம்பு நசுங்கியிருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாத்திரைகள் உட்காரும் இடத்தை மட்டும் மரக்கச் செய்வதில்லை. "மாத்திரையால்தான், நிறுத்திப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால், அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், பிதுங்கிய ஜவ்வு தெரியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் பின்னர் வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

மருத்துவமனை வாசலில் "இடுப்பு வலி" என்று சொன்னால் எலும்புப் பிரிவு வரிசையில் சீட்டு எழுதி உட்கார வைப்பார்கள். நம் அமைப்பு அப்படித்தான் இயங்குகிறது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, "உட்காரும் இடம் மரத்துவிட்டது, சிறுநீர் தடைபடுகிறது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மரப்பு தொடங்கிய நேரத்தையும், கடைசியாக நன்றாகச் சிறுநீர் போன நேரத்தையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் ஆசனவாயில் விரல் வைத்துப் பரிசோதிப்பார். உங்கள் கணவர் கூச்சப்பட வேண்டாம். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். 200 மில்லிக்கு மேல் தங்கினால் சந்தேகம் கூடும். குறைவாக இருப்பதை மட்டும் வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு செய்யக் கூடாது.

சிறுநீர் முக்கியாவது வரும் நிலையில் அழுத்தத்தை நீக்கிவிட்டால் சிறுநீர்ப்பையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. பை நிரம்பியதும் தெரியாமல், வலியில்லாமல் முழுதாக அடைத்துச் சொட்டுச் சொட்டாக ஒழுகும் நிலைக்குப் போய்விட்டால், அறுவை செய்தாலும் மீட்சி நிச்சயமில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வாழ்நாள் முழுவதும், குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க நேரிடும். 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் போதும் என்று ஒரு கணக்கு எல்லோர் வாயிலும் புரள்கிறது. அதை விடுப்பு போல எண்ணி இரண்டாம் நாள் வரை தள்ளுகிறவர்கள் மருத்துவர்களிலும் உண்டு. அறுவையில் பின்பக்க எலும்பில் சிறிது நீக்கி, ஜவ்வுத் துண்டை எடுத்துவிடுவோம். நசுங்கிய நரம்பைத் தைலமோ, இழுத்துவிடுவதோ விடுவிக்காது. அசைக்கும்போது துண்டு இன்னும் பிதுங்கும் அபாயமும் உண்டு.

தரகர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். மலையிலிருந்து இறங்கும் நோயாளியைக் கமிஷனுக்காகத் தனக்குப் பழக்கமான இடத்தில் இறக்கிவிடும் தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் உண்டு. அங்கே ஸ்கேன் எடுத்து முடித்த பிறகுதான் அறுவை மருத்துவர் ஊரில் இல்லை என்பது தெரியவரும். தனியார் மருத்துவமனை என்றால், இரவில் எம்.ஆர்.ஐ. எடுப்பார்களா, இரவிலேயே முதுகெலும்பு அறுவை செய்யும் மருத்துவர் வருவாரா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள்; அதைப் பின்னால் ஒருவர் கொண்டுவரலாம்.

மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் கிளம்பும்போது சாப்பாடு கொடுக்காதீர்கள். வலி குறைவாக இருக்கும் வாக்கில் படுக்க வைத்து அழைத்துச் செல்லுங்கள். மழையில் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்தால் குன்னூர் வழியாக இறங்கலாம். கிளம்பும் முன் 108-ஐ அழைத்துச் சாலை நிலவரத்தையும் கேட்டுவிடுங்கள்.