சூடாக்கும் வால்வு மூடியிருந்தும் வெந்நீர்ச் செலவு குறையவில்லை

> "ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டில் ஹீட்டிங், கூலிங் ரெண்டு வால்வும் சேர்ந்து திறந்தால் அலாரம் வரும்படி விதி வைத்தேன். ஹீட்டிங் 0%, கூலிங் 60%. அலாரமே வரவில்லை."

அந்த விதி வால்வுக்குப் போகும் கட்டளையைத்தான் பார்க்கிறது. வால்வு ஒழுகினால் அதற்குத் தெரியாது. வெப்பநிலையை வைத்து எழுதுங்கள். இதில் HWP வெந்நீர் பம்ப், HTG_CMD ஹீட்டிங் வால்வுக் கட்டளை, MAT வெளிக்காற்றும் திரும்பும் காற்றும் சேர்ந்த கலப்புக் காற்றின் வெப்பநிலை, HC_LAT ஹீட்டிங் காயிலைத் தாண்டிய காற்றின் வெப்பநிலை:

```
FAN = ON AND HWP = ON AND HTG_CMD = 0
AND (HC_LAT - MAT) > 2 °C, 30 min
```

உதாரணமாக, கலப்புக் காற்று 18°, ஹீட்டிங் காயிலைத் தாண்டியதும் 23°, சப்ளை 13° என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலிங் காயில் இறக்கும் 10 டிகிரியில் பாதி ஒழுகலுக்கே போகிறது. வால்வு மூடியபின் காயிலில் சூடு கொஞ்ச நேரம் தங்கும்; 30 நிமிடம் அதற்காகத்தான்.

உறுதிசெய்ய, வெந்நீர்க் குழாயின் கைவால்வை மூடிப் பாருங்கள். வித்தியாசம் மறைந்தால் வால்வு சீட்டோ ஆக்சுவேட்டரோதான் கோளாறு. மறையாவிட்டால் கலப்புக் காற்று சென்சாரைச் சந்தேகியுங்கள்: வெளிக்காற்று சரியாகக் கலக்காத இடத்தில் ஒற்றைப்புள்ளி சென்சார் இருந்தால் பொய்யான அளவுதான் வரும். சராசரி எடுக்கும் நீளச் சென்சார் போடுங்கள்.