கமிஷன் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது, அடுத்த ஆளுக்கு மெசேஜ் எப்படிப் போடுவது?

கேள்வி: மதுரையில் பைப், பிளம்பிங் சாமான் மொத்த வியாபாரம் சார். "சேல்ஸ் எக்சிகியூட்டிவ் தேவை, சம்பளம் 15,000 + கவர்ச்சியான இன்சென்டிவ், 35,000 வரை சம்பாதிக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டு ஒரு பையனை எடுத்தேன். டார்கெட் 5 லட்சம், கமிஷன் 2% என்று வாயால் சொன்னதுதான். முதல் தடவை 5.6 லட்சம் பண்ணினான், உற்சாகமாக இருக்கட்டும் என்று மாதம் முடிந்ததுமே 11,200 ஜிபே பண்ணினேன். கடைசி மூன்று மாதம் 6, 7, 5.5 லட்சம் பில் போட்டான், பாதிப் பணம் இன்னும் வரவில்லை. போன மாதம் திடீரென்று ராஜினாமா செய்துவிட்டு இப்போது போட்டிக் கடையில் நிற்கிறான். மகன் மாதிரி வைத்திருந்தேன் சார். கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டேன், டிகிரி சர்டிபிகேட்டும் என்னிடம்தான் இருக்கிறது. 52,000 கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறான். பதில் என்ன போடுவது, அடுத்த ஆளுக்கு மெசேஜ் எப்படிப் போடுவது?

பதில்: மகன் மாதிரி வைத்திருந்ததும், அவர் போட்டிக் கடைக்குப் போனதும் இந்த வழக்கில் எங்கேயும் வராது. வேலையை விட்டபிறகு எதிர்க்கடையில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தால்கூட இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 அதைச் செல்லாததாக்கிவிடும், நீங்கள் எழுதியே வாங்கவில்லை. நீங்கள் எழுதியதில் சட்டப்படி கனமான வரி ஒன்றுதான், அந்த 11,200.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாத பில் மொத்தம் 18.5 லட்சம். டார்கெட்டைத் தொட்டால் முழுத் தொகைக்கும் 2% என்றால் 37,000. டார்கெட்டுக்கு மேல் விற்றதற்கு மட்டும் என்றால் 3.5 லட்சத்துக்கு 7,000. பணம் வசூலாகி அந்த வசூல் டார்கெட்டைத் தொட்டால்தான் என்றால், பாதிதான் வந்திருப்பதால் ஒன்றுமே இல்லை. ஒரே "5 லட்சம், 2%" என்ற பேச்சுக்கு மூன்று அர்த்தம். எழுத்தில் எதுவும் இல்லாதபோது கோர்ட் முதலில் பார்ப்பது, தகராறு வருவதற்கு முன் நீங்கள் இருவரும் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைத்தான். 5.6 லட்சத்துக்கு 2% சரியாக 11,200. அதாவது முழுத் தொகைக்கும் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் கடைக்காரர் பணம் கட்டினாரா என்று பார்க்காமல் கொடுத்திருக்கிறீர்கள். "உற்சாகத்துக்குக் கொடுத்தேன்" என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? ஜிபே ஸ்க்ரீன்ஷாட் அவர் போனிலும் இருக்கும். உங்கள் விளம்பரம் தனியாக ஒப்பந்தம் ஆகாது, ஆனால் 35,000 வரை என்று நீங்கள் ஆசை காட்டியதற்கு அது சாட்சியாக நிற்கும்.

இனி நான் உண்மையில் பயப்படும் இடம். கட்சிக்காரர்கள் விழுவது கமிஷனில் இல்லை, நிறுத்தி வைத்த அந்தச் சம்பளத்தில். இரண்டும் ஒரே பணம் மாதிரி தெரியும், ஆனால் வழி வேறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் கமிஷனை ஊதியம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதனால் 37,000-க்கு அவர் பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும், அதில் உங்களுக்குக் காலம் கிடைக்கும். 15,000 அப்படி இல்லை, அது சுத்தமான ஊதியம். ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். அவர் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள், கேட்ட தொகைக்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு போடுவார் என்று சொல்லவில்லை, ஆனால் 15,000-ஐப் பிடித்துவைத்து அந்த ரிஸ்க்கை ஏன் எடுக்க வேண்டும்? சரக்கு வாங்கிய கடைக்காரர் பாக்கி வைத்தார் என்று சேல்ஸ்மேன் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது, கடன் கொடுத்தது நீங்கள். அவர் கையில் வாங்கிய பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தால் அது வேறு கதை, அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. சர்டிபிகேட்டை வைத்துக்கொள்ள உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் அதைச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனுக் கொடுத்தால், பணம் கொடுக்க வேண்டியவர் மிரட்டுகிறார் என்று கதை மாறிவிடும்.

அதனால் பதில் நோட்டீஸில் திருட்டு, துரோகம் என்றெல்லாம் எழுதச் சொல்லாதீர்கள். 15,000-ஐ இன்றைக்கே வங்கி வழியாக அனுப்புங்கள், சர்டிபிகேட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். கமிஷனுக்கு 25,000-லிருந்து 30,000-க்குள் பேசி முடியுங்கள். ஏழாயிரத்திலேயே நிற்பேன் என்றால் நில்லுங்கள், அந்த வித்தியாசத்தை விட என் பீஸ் அதிகமாகும். முடிக்கும்போது "கமிஷன் உட்பட எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இனி எதுவும் பாக்கி இல்லை" என்று தொகையும் தேதியும் போட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்த ஆளுக்கான மெசேஜை இப்படிப் போடுங்கள்:

"சேல்ஸ் எக்சிகியூட்டிவ் தேவை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி லைன். நிலையான சம்பளம் மாதம் 15,000, டார்கெட் வராவிட்டாலும் முழுதாக உண்டு. பெட்ரோல் தனி. டார்கெட் மாதம் 5 லட்சம் பில்லிங், ஜிஎஸ்டி சேர்க்காமல், திரும்பி வந்த சரக்கைக் கழித்து. 5 லட்சம் வரை கமிஷன் இல்லை, அதற்கு மேல் விற்றதற்கு மட்டும் 2%. உதாரணம்: 7 லட்சம் விற்றால் கமிஷன் 4,000. அந்த மாத பில்களில் எவ்வளவு வசூலானதோ அந்த விகிதத்தில் கமிஷன் வரும், பாதி வசூலானால் 2,000, மீதி வசூலானதும் மீதி. வேலையை விட்டாலும் 60 நாளுக்குள் வசூலாகும் பில்களுக்குக் கமிஷன் உண்டு."

விகிதம் என்ற வார்த்தையை வெட்டிவிடாதீர்கள். வசூலானால் கமிஷன் என்று மட்டும் போட்டால், வந்த 3.5 லட்சம் டார்கெட்டுக்குள் இருக்கும் பணமா, டார்கெட்டுக்கு மேல் உள்ள பணமா என்று அடுத்த சண்டை அங்கேயே தொடங்கும். வேலையை விட்டவருக்குக் கமிஷன் கிடையாது என்று போடச் சொல்லி உங்கள் ஆடிட்டர் சொல்லலாம், கேட்காதீர்கள், சம்பாதித்து முடித்த கமிஷனைப் பிடுங்கும் வரியை அபராதம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். 60 நாளை உங்கள் கடைகள் பணம் கட்டும் வேகத்துக்கு ஏற்ப 90 ஆக்கிக்கொள்ளலாம். 35,000 வரை என்பதை எடுத்துவிட்டு, இப்போது லைனில் இருக்கும் ஆட்கள் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் வாங்கிய குறைந்த கமிஷனும் அதிகக் கமிஷனும் போடுங்கள், ஒருவர் ஒரு மாதம் பூஜ்யம் வாங்கியிருந்தால் பூஜ்யம் என்றே. ஆள் குறைவாகத்தான் வருவார்கள், சரி, வருபவர் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்.

15,000 தமிழ்நாடு அரசு உங்கள் வகைக் கடைக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இல்லை என்பதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், கமிஷனைச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. அப்புறம், கமிஷன் விகிதத்தை மாற்ற நினைத்தால் முன்னதாக எழுதிக் கொடுத்து, அடுத்த மாத பில்லிலிருந்துதான் மாற்ற முடியும், போட்டு முடித்த பில்லுக்கு மாற்ற முடியாது. மெசேஜில் இருப்பதை அப்படியே, அந்த 7 லட்சம் உதாரணத்தோடு, வேலை நியமனக் கடிதத்திலும் போட்டு, உதாரணத்துக்குக் கீழே அவர் கையெழுத்தை வாங்கிவிட்டு முதல் நாள் லைனுக்கு அனுப்புங்கள்.