கட்டிலுக்கு அடியில் தள்ளிய ஷூ

கேள்வி: என் ஹாஸ்டல் ரூம்மேட் தினமும் காலையில் ஓடப் போகிறவள். ஷூ நாற்றமும் ஈரத் துணி நாற்றமும் தாங்க முடியவில்லை. எப்படிச் சொல்வதென்று சங்கடம். அவள் குளிக்கப் போனதும் ஷூ மேல் சென்ட் அடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். இப்போது என் சென்ட்டால் தனக்குத் தலைவலி என்கிறாள். யார் மாற வேண்டும்?

பதில்: முதலில் நீங்கள்தான். போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில் உங்கள் பங்கு முழுக்கத் தெரிகிறது.

வியர்வைக்கு அவ்வளவாக நாற்றம் கிடையாது. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் பாக்டீரியா பெருகி, வியர்வையையும் செத்த தோலையும் சிதைக்கும்போதுதான் அந்தப் புளித்த நாற்றம் வரும். ஓடி முடித்துக் கழற்றிய ஷூ உள்ளே நனைந்துதான் இருக்கும். அது காய்வதற்கு முன்பே காற்றோட்டமில்லாத மூலையில் தள்ளுவது யார்? நீங்கள். சென்ட் அந்த ஈரத்தை எடுக்காது. நாற்றத்தோடு கலந்து இன்னொரு நாற்றமாகும். அவள் தலைவலி சாக்கு என்று நினைக்காதீர்கள். வாசனைத் திரவியத்தால் ஒற்றைத் தலைவலி வருபவர்கள் நிறைய.

அடுத்தவர் பொருளை அவருக்குத் தெரியாமல் தொடுவது என்ன பழக்கம்? கூடப் பிறந்தவளாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பீர்கள். ஒரு கூரையின் கீழ் படுத்து எழுகிறவளிடமும் அப்படிச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. அவளுக்கே தெரியாதா என்றால், தெரியாது. ஒரே வாசனையில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். அவள் ஷூ அவளுக்கு எட்டாதது போலத்தான் உங்கள் சென்ட் உங்களுக்கு.

அதனால் இருவரும் சேர்ந்து அரை மணி நேரம் வெளியே போய்விட்டுத் திரும்புங்கள். கதவைத் திறந்ததும் வரும் முதல் மூச்சில் எது தூக்கலாக இருக்கிறதோ, அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

அவள் செய்ய வேண்டியது: ஷூவைக் கழற்றியதும் கயிற்றைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள் அட்டையை உருவி ஜன்னலோரம் வைக்க வேண்டும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அது நனைந்ததும் மாற்ற வேண்டும். நன்றாகக் காய ஒரு முழு நாளாவது ஆகும். தினமும் ஓடுகிறவளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். காய்ந்த துணி ஷூவில் இரவு ஒரு ஸ்பூன் சமையல் சோடா தூவிக் காலையில் தட்டிவிடலாம். ஈர ஷூவில் போட்டால் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். வியர்த்த துணியை மூடிய கூடையில் போடாமல், கொடியில் உலரவிட்டுப் பிறகு சேர்க்கட்டும்.

நீங்கள் சென்ட்டை அறைக்குள் அடிக்கவே கூடாது. வெளியே நின்று, தோலில் ஒரு முறை, போதும். அறையில் சாப்பிட்டால் மிச்சத்தையும் காகிதத்தையும் அன்றிரவே வெளியே கொண்டுபோங்கள். அது இருவருக்கும் பொது.

ஒரு வாரம் இப்படிச் செய்தும் ஷூ நாறினால் உள் அட்டையை மட்டும் முகர்ந்து பாருங்கள், அவளிடம் கேட்டுவிட்டு. நாற்றம் அதில்தான் என்றால் புது அட்டை வாங்கிப் போடச் சொல்லுங்கள்.