மாதம் ஒரு ஆன்லைன் கூட்டம்: தேனீ அக்காவிடம் கேட்டவை

மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக மாதம் ஒரு முறை தேனீக்காரர்களை ஜூமில் கூட்டுகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தக்கலை, மாடித்தோட்டக்காரர்: அக்கா, முதல் கூட்டத்துக்கு ‘இயற்கை விவசாயம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறோம். போதுமா?

அது கடைப் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது. உள்ளே வருகிறவருக்கு எதைக் கேட்பது என்று புரியாது. நானும் முதலில் ‘தேனீ வளர்ப்பு’ என்றுதான் வைத்தேன். 22 பேர் வந்தார்கள், நான் மட்டும் பேசினேன்.

நம் மாவட்டத்தில் ரப்பர் துளிர்க்கும் மாதங்களில்தான் தேன் வரத்து. மழை பிடித்தால் பெட்டி பட்டினி. அதனால் அடுத்த ஜூனில் ‘மழையில் சீனிப்பாகு எப்போது வைக்க, எப்போது நிறுத்த?’ என்று போட்டேன். 11 பேர்தான் வந்தார்கள், ஆனால் 7 பேர் தங்கள் பெட்டியைப் பற்றிப் பேசினார்கள். தலைப்பைப் படித்ததும் ‘என் வீட்டிலும் இப்படித்தான்’ என்று ஒரு வாக்கியமாவது ஒருவர் சொல்ல முடிய வேண்டும். உங்களுக்கு ‘வெண்டை இலை மஞ்சளாகி நரம்பு வலை மாதிரி தெரிகிறது, செடியைப் பிடுங்கவா வைக்கவா?’ சரியாக வரும். அடுத்த மாதத் தலைப்புக்கு எங்கும் போக வேண்டாம், இந்த மாதம் பதில் கிடைக்காமல் நின்ற கேள்வியை எடுங்கள்.

குலசேகரம்: இலவச ஜூம் 40 நிமிடத்தில் துண்டிக்கும். கூகுள் மீட்டில் வரம்பே கிடையாது, மாறிவிடுங்கள். ஞாயிறு காலை 6 மணி எல்லோருக்கும் வசதி.

ஜூம் விஷயம் சரி. மீட்டில் இரண்டு பேர் என்றால் நீளமாகப் பேசலாம். மூன்றாவது ஆள் வந்துவிட்டால் இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம்தான். எனக்கு 40 நிமிடமே பிடித்திருக்கிறது, யாரையும் நாம் நிறுத்த வேண்டியதில்லை. காலை 6 மணி உங்களுக்கு வசதி. ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் அப்போது மரத்தடியில் இருப்பார்கள், எங்கள் கூட்டத்தில் பாதி அவர்கள்தான். நாங்கள் இரவு 8:30.

கொளச்சல், இப்போது குவைத்: உங்கள் 8:30 எனக்கு மாலை 6. வேலை முடிந்து வண்டியில் இருப்பேன். ரெக்கார்ட் பண்ணிப் போட்டால் போதுமே, கூட்டம் எதற்கு?

தம்பி, அதற்காகத்தான் இரண்டாம் வெள்ளிக்கிழமைக்கு மாற்றினோம், அன்று உங்களுக்கு விடுமுறை. ரெக்கார்டிங் போட்டுப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி தெரிந்ததும், நாலு பெட்டி இழந்த கதையைச் சொல்ல வந்தவர் ‘ஒண்ணுமில்லை’ என்று முடித்துவிட்டார். இப்போது பத்து வரிக் குறிப்பு எழுதி வாட்ஸ்அப்பில் போடுகிறேன்.

நாகர்கோவில்: புதியவர்களை வரிசையாக அறிமுகம் செய்யச் சொன்னோம். ரெண்டு பேர் பதிலே சொல்லாமல் வெளியேறிவிட்டார்கள். கோபமா?

கூச்சமாக இருக்கலாம். ஆனால் முதலில் காது கேட்டதா என்று பாருங்கள். ஃபோனில் ஜூமுக்குள் வந்ததும் `Wifi or Cellular Data` என்று ஒரு பொத்தான் வரும். அதைத் தொடாதவருக்கு உங்கள் குரலே கேட்காது, வாய் அசைவதுதான் தெரியும். `Participants` பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே மைக் படம் இல்லையென்றால் இதுதான் காரணம். சத்தம் போட்டுச் சொல்லிப் பயனில்லை. அந்தப் பொத்தானின் ஸ்கிரீன்ஷாட்டைத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

நான் 8:20க்கே லிங்க் திறந்து வைப்பேன். ஜூன் கூட்டத்தில் 8:22க்கு அருமனையிலிருந்து ஒருவர் முதல் முறையாக வந்தார். பட்டியலில் பெயருக்குப் பதில் ஃபோன் மாடல். “வாங்க, எந்த ஊர், பெட்டி எத்தனை?” என்றேன். இரண்டு பெட்டி, ஒன்றில் ஈ குறைகிறது என்றார். பெயரை மாற்றிக் கொடுத்தேன், அதற்குள் இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். 8:30க்கு நான் யாரையும் அறிமுகம் செய்யச் சொல்லவில்லை. தலைப்பை ஒரு வரியில் சொல்லிவிட்டு, “அருமனைக்காரர் பெட்டியில் ஈ குறைகிறதாம், யாருக்காவது இப்படி ஆனதா?” என்று கேட்டேன். பழையவர் ஒருவர் பதில் சொல்ல, அருமனைக்காரர் தானாக மைக்கைத் திறந்து, “இல்ல, எனக்கு அடிப்பலகையில் புழு கிடக்குது” என்றார். மெழுகுப் பூச்சி. அன்று சீனிப்பாகுப் பேச்சு பாதியில் நின்றது, பரவாயில்லை.

எல்லோரும் வரிசையாக அறிமுகம் சொல்வது 6 பேருக்குச் சரி. 15 பேர் என்றால் 40 நிமிடத்தில் கால்வாசி அதிலேயே போய்விடும், கடைசி ஆள் தன் முறை வரும்வரை நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பார்.

மணவாளக்குறிச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியை: கேமராவைக் கட்டாயமாக்குங்கள். வகுப்பில் முகம் மூடி உட்கார விடுவோமா?

டீச்சர், முகம் தெரியாத கறுப்புக் கட்டங்களிடம் பேசுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் டேட்டா தீரும் என்று கேமராவை அணைப்பவர்கள் இருக்கிறார்கள், அடுப்படியில் நின்று கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு மாதம் கட்டாயமாக்கினேன், ஐந்து பேர் குறைந்தார்கள். மழையாலா, கேமராவாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்போது பேசுகிறவர் மட்டும் போட்டால் போதும் என்று வைத்திருக்கிறேன். அதையும் பாதிப் பேர் கேட்பதில்லை.