கெளுத்தி முள்ளும் கிட்னி மாத்திரையும்

கேள்வி: சில மருந்துகள் கல்லீரலுக்கும் குடலுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி வருவதால்தான் ரொம்ப நேரம் வேலை செய்கின்றன என்கிறார்களே, அது எப்படி? ஆண்டிபயாடிக் சாப்பிட்டால் அது ஏன் கெடுகிறது?

தொண்டிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன ஆடியில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். வலையிலிருந்து கெளுத்தியைக் கழற்றும்போது முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. சீட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் 500 என்ற ஆண்டிபயாடிக், காலையும் இரவும், 7 நாளைக்கு.

"அண்ணே, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"கிட்னி மாத்தினதுக்குத்தான் தம்பி. ரெண்டு வருசமா."

அட்டையைக் காட்டச் சொன்னேன். டாக்ரோலிமஸ், அதோடு மைக்கோபீனலேட் காலையில் 1 கிராம், இரவில் 1 கிராம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்காமல் தடுக்கிற மருந்துகள் இவை. நீங்கள் கேட்கிற சுற்று இந்த மைக்கோபீனலேட்டில் நன்றாகத் தெரியும்.

காலை 8 மணிக்கு மாத்திரை போட்டால் சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் அளவு உச்சிக்குப் போகும். பிறகு கல்லீரல் அதைப் பிடித்து, குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளை அதோடு ஒட்டிவிடும். ஒட்டியதும் மருந்து வேலை செய்யாது. ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். மீதியைக் கல்லீரல் பித்தத்தில் கலந்து குடலுக்கு அனுப்பும். தண்ணீரில் கரைகிற பொருள் குடல் சுவரின் கொழுப்புப் படலத்தைத் தாண்டாது. ஆகவே அது மலத்தோடு வெளியே போயிருக்க வேண்டும்.

போகாது. குடலின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கிற பாக்டீரியாக்களிடம் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. ஒட்டிய சர்க்கரையை வெட்டித் தங்கள் உணவாக எடுத்துக்கொள்கின்றன. மருந்து மறுபடி பழைய மருந்தாகிவிடுகிறது. அது குடல் சுவர் வழியாக ரத்தத்தில் ஏறி, கல்லீரலுக்கே திரும்புகிறது. அதனால்தான் மாத்திரை போட்ட 6 முதல் 12 மணி நேரத்துக்குள், புதிதாக எதுவும் விழுங்காமலே, ரத்தத்தில் இரண்டாவது முறை அளவு ஏறும். உடம்புக்குக் கிடைக்கிற மொத்த மருந்தில் சராசரியாக 40 சதவீதம் இந்தத் திரும்பும் வழியில் வருவதுதான். ஆளுக்கு ஆள் இது 10 முதல் 60 வரை மாறும்.

இப்போது ஆண்டிபயாடிக்கைப் பாருங்கள். அது கல்லீரலையோ மைக்கோபீனலேட்டையோ தொடுவதில்லை. வெட்டுகிற பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது, அவ்வளவுதான். ஒட்டிய சர்க்கரை ஒட்டியபடியே இருக்க, மருந்து மலத்தில் போய்விடும். சிப்ரோஃப்ளாக்சசினோ அமாக்சிசிலின்-கிளாவுலனிக் அமிலமோ தொடங்கிய சில நாட்களில், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பு எடுக்கிற ரத்தத்தில் அளவு ஏறக்குறைய பாதியாகிறது.

பாதி என்றதும் பயந்துவிட வேண்டாம். அடுத்த வேளைக்குச் சற்று முன்பு ரத்தத்தில் இருப்பதில் பெரும்பங்கு திரும்பி வந்த மருந்துதான். திரும்பும் வழி அடைபட்டால் அந்த நேரத்து அளவுதான் அதிகம் விழும். நாள் முழுவதும் சேர்த்துக் கிடைக்கிற மருந்து அந்த அளவுக்குக் குறைந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அண்ணனை உட்காரவைத்து, மாற்று செய்த ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்தே போன் போடச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஆண்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லவில்லை. கடல் மீன் முள் குத்திய புண், அதுவும் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிற உடம்பில், விளையாட்டில்லை. மைக்கோபீனலேட்டைக் கூட்டவும் சொல்லவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஏனென்றால் ஆண்டிபயாடிக் முடிந்த சில நாளில் பாக்டீரியாக்கள் திரும்ப வளர்ந்து சுற்றும் தானாகத் தொடங்கிவிடும். அப்போது கூட்டிய அளவு உள்ளே நின்றால் வெள்ளையணுக்கள் குறையும், வயிற்றுப்போக்கு பிடிக்கும். நாலாம் நாளும், முடிந்து ஒரு வாரம் கழித்தும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தார்கள். இரண்டு முறையும் பழைய 1.3தான். புண்ணும் ஆறிவிட்டது.

டாக்ரோலிமஸுக்குப் பதில் சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சரிவு குறைவாகவே இருக்கும். அந்த மருந்து கல்லீரலிலிருந்து பித்தத்துக்குத் தள்ளுகிற பம்பையே தடுத்துவிடுவதால், அவர்களுக்குச் சுற்று ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

அப்புறம், கடையில் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்று: கருத்தடை மாத்திரையும் இப்படிக் கெடுமா? அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடியாலும் இதே வழியில் சுற்றுவது உண்மை. அதனால் எல்லா ஆண்டிபயாடிக்கும் ஆபத்து என்று பல வருஷம் சொல்லிவந்தார்கள். அளந்து பார்த்தபோது சாதாரண ஆண்டிபயாடிக்குகளால் அதன் அளவு பொருட்படுத்தும்படி குறையவில்லை. காசநோய்க்குத் தருகிற ரிஃபாம்பிசின் வகை மருந்து மட்டும் உண்மையிலேயே குறைக்கும். அது குடல் பாக்டீரியா வழியாக இல்லை. கல்லீரலின் நொதிகளைத் தூண்டி மருந்தை வேகமாக அழிக்கவைக்கிறது. ஆகவே அமாக்சிசிலின் வாங்குகிறவரிடம், வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ இல்லையென்றால் கருத்தடை மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள் என்கிறேன். ரிஃபாம்பிசின் சீட்டோடு வந்தால், வேறு கருத்தடை முறை பற்றி மருத்துவரிடம் கேட்காமல் இருக்காதீர்கள் என்று சொல்லித்தான் மாத்திரையைக் கொடுப்பேன்.