மத்தவங்க ஃபைல் தெரியாம அப்லோட் மட்டும் வாங்குற லிங்க்

கேள்வி: 40 ஸ்டூடன்ட்ஸ் அசைன்மென்ட் அனுப்பணும், ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது, எப்படி?

ஃபோல்டரை எடிட் பர்மிஷனோட ஷேர் பண்ணிடாதீங்க, அதுல எல்லாரும் எல்லாத்தையும் பார்க்கலாம், அழிக்கவும் செய்யலாம். டிராப்பாக்ஸ்ல File requests போய் ஒரு ரிக்வெஸ்ட் உருவாக்கி, அந்த லிங்க்கை மட்டும் குடுங்க. திறக்கிறவங்களுக்கு அப்லோட் பண்ற பக்கம் மட்டும்தான் வரும், அவங்களுக்கு அக்கவுன்ட்கூட வேண்டாம். பேரும் இமெயிலும் கேட்கும், அதனால பத்து பேர் "assignment.pdf"னே அனுப்பினாலும் எது யாரோடதுன்னு தெரியும்.

ஆனா ஃபைல் வந்து விழற ஃபோல்டரை நீங்க ஏற்கெனவே வேற யாருக்காவது ஷேர் பண்ணியிருந்தா அவங்க எல்லாத்தையும் பார்ப்பாங்க, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, அதனால தனியா ஒரு புது ஃபோல்டர் வைங்க. அனுப்பினதை அவங்களால திரும்ப எடுக்க முடியாது, திருத்தினா இன்னொரு ஃபைலாத்தான் வரும். லிங்க்கை குடுக்கறதுக்கு முன்னாடி இன்காக்னிட்டோ விண்டோல நீங்களே ஒரு ஃபைல் அனுப்பிப் பாருங்க.